மணியார்டர் கட்டணம் வட்டியா? தேவ்பந்த் பற்றி ஒரு கடிதம்

அன்புள்ள காதர்,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. மகளுக்கு வேலூருக்கே மாற்றல் கிடைத்ததில் சந்தோஷம். இனி வீட்டுச் சாப்பாடு சாப்பிடுவாள்.

பள்ளிவாசல் கூட்டத்தில் பேசுவதற்காக நீ கேட்டிருந்த விஷயத்துக்கு வருகிறேன். அதிலிருந்து தொடங்கி தேவ்பந்த் மதரஸாவுக்கும் மணியார்டருக்கும் போவோம். 1803-இல் டெல்லியின் பெரிய ஆலிம் ஷா அப்துல் அஸீஸ் கொடுத்த ஃபத்வாவை எல்லாரும் வெள்ளையனுக்கு எதிரான போர்ப் பிரகடனம் என்கிறார்களே, அப்படியானால் அவருடைய மருமகனே கிழக்கிந்தியக் கம்பெனி வேலைக்குப் போனது எப்படி என்று கேட்டிருந்தாய். அந்தக் குழப்பத்தில் பாதி மொழிபெயர்ப்பால் வந்தது. ‘தாருல் ஹர்ப்’ என்பதைப் ‘போர் நாடு’ என்று தமிழில் போட்டதும் வாள் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. இஸ்லாமியச் சட்டவியலான ஃபிக்ஹில் அது சட்டத் தகுதியைச் சொல்லும் சொல். ஒரு நாட்டில் யாருடைய ஆணை செல்லுபடியாகிறது என்பதுதான் அங்கே கேள்வி.

ஃபத்வாவைத் திறந்து பார்த்தால் இது விளங்கும். இஸ்லாமிய நாடு தாருல் ஹர்பாக மாறுமா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. ஹனஃபி மத்ஹப் என்ற சட்டப்பள்ளியின் நூல்களிலிருந்து அவர் நிபந்தனைகளை எடுத்துவைக்கிறார். இமாம் அபூ ஹனீஃபா மூன்று சொல்கிறார். பிற மார்க்கத்தாரின் சட்டம் பகிரங்கமாக நடக்க வேண்டும். அந்த இடம் ஏற்கெனவே தாருல் ஹர்பாக உள்ள நாட்டை ஒட்டியிருக்க வேண்டும். பழைய ஆட்சி கொடுத்த பாதுகாப்பை வைத்துக்கொண்டு முஸ்லிமோ, முஸ்லிம் ஆட்சியின் பாதுகாப்பில் வாழும் பிற மதத்தவரான திம்மியோ அங்கே இருக்க முடியாமல் போயிருக்க வேண்டும். அவருடைய மாணவர்கள் அபூ யூசுஃப், முஹம்மது இருவருக்கும் முதல் நிபந்தனையே போதும்.

இதைச் சொன்ன கையோடு அப்துல் அஸீஸ் நடப்புக்கு வருகிறார். டெல்லியில் முஸ்லிம் இமாமின் ஆணை எடுபடவில்லை. வரி வசூல், வியாபாரத் தீர்வை, திருடருக்குத் தண்டனை, வழக்குத் தீர்ப்பு எல்லாம் கிறிஸ்தவ அதிகாரிகள் கையில். ஜும்ஆவையும் பெருநாளையும் பாங்கையும் அவர்கள் தடுக்கவில்லைதான். ஆனாலும் அவற்றின் அஸ்திவாரத்துக்கு அவர்களிடம் மதிப்பில்லை. வேண்டுமென்றால் தயங்காமல் பள்ளிவாசலை இடிக்கிறார்கள். டெல்லியிலிருந்து கல்கத்தா வரை இதே கதைதான். ஹைதராபாத், லக்னோ, ராம்பூர் போன்ற இடங்களில் மட்டும் நேரடி ஆணை போடவில்லை என்கிறார். அவ்வளவுதான். ‘எழுந்து போரிடுங்கள்’ என்றோ ‘ஊரைக் காலி செய்யுங்கள்’ என்றோ அதில் ஒரு வரி கிடையாது. கூட்டத்தில் பேசும்போது இதை அழுத்திச் சொல். இந்த ஃபத்வாவை மேற்கோள் காட்டும் பலர் அதைப் படித்ததில்லை.

அப்படியானால் அந்தத் தீர்ப்பால் என்ன பயன்? தாருல் ஹர்பில் முஸ்லிமுக்கும் அந்நாட்டவருக்கும் இடையே வட்டிச் சட்டம் பொருந்தாது என்பது அபூ ஹனீஃபாவின் கருத்து. அதை வைத்து, அங்கே அவர்களிடமிருந்து வட்டி வாங்கலாம் என்று அப்துல் அஸீஸ் இன்னொரு இடத்தில் எழுதுகிறார். பாவத்துக்குத் துணைபோகாத வேலையென்றால் கம்பெனியில் சேரலாம் என்றும், இங்கிலீஷ் படிக்கலாம் என்றும் சொன்னவர் அவரே. மருமகன் அப்துல் ஹை மீரட்டில் வேலைக்குப் போனதில் முரண் எதுவுமில்லை. பிறகு அதே அப்துல் ஹை ரேபரேலி சையிது அஹ்மதோடு சேர்ந்து, சீக்கியரோடு போரிட எல்லைப்புறத்துக்குப் போனதும் உண்மை. அந்தப் போர் 1831 மே மாதம் பாலாகோட்டில் முடிந்தது. அது தனிக் கதை. அதை இந்த ஃபத்வாவின் நேர் விளைவாகக் காட்டினால் தடுக்கிவிழுவாய்.

ஒரே முடிவிலிருந்து நேர் எதிரான நடைமுறை எப்படி வரும் என்பதற்கு வங்காளத்தைப் பார். ஹாஜி ஷரீஅத்துல்லா தொடங்கிய சீர்திருத்த இயக்கத்தாரான ஃபராயிஸிகள் ஜும்ஆவையும் பெருநாள் தொழுகையையும் நிறுத்திவைத்தார்கள். ஜும்ஆவுக்கு ‘மிஸ்ர்’ வேண்டும், அதாவது அமீரும் காஜியும் உள்ள நகரம் வேண்டும் என்பது ஹனஃபி நிபந்தனை. வெள்ளையர் ஆட்சியில் அந்த அமீர் எங்கே என்று கேட்டார்கள். ஆட்சியாளர் முஸ்லிமாக இல்லாவிட்டால் ஊர் முஸ்லிம்களே கூடி ஒரு காஜியை நியமித்துத் தொழலாம் என்று அதே ஹனஃபி நூல்களில் இருக்கிறது. எதிர்த்தரப்பு அதைக் காட்டியது. ஜவுன்பூர் ஆலிம் கராமத் அலி ஃபராயிஸிகளோடு வருஷக்கணக்காக வாதாடினார். 1870-இல் கல்கத்தாவில், பிரிட்டிஷ் இந்தியா தாருல் இஸ்லாம், அதாவது இஸ்லாமிய நாடுதான் என்று தீர்ப்பே சொன்னார். உனக்கு இதெல்லாம் விசித்திரமாகப் படும். காயல்பட்டினம், கீழக்கரைப் பக்கம் ஷாஃபி மத்ஹப். அங்கே ஊரில் நிலையாகக் குடியிருக்கும் நாற்பது ஆண்கள் இருந்தால் ஜும்ஆ உண்டு, ராஜா யார் என்ற பேச்சே எழாது.

இனி வட இந்தியாவின் தேவ்பந்த் ஊரில் எழுந்த மதரஸா. 1857-க்குப் பிறகு டெல்லியின் பழைய ஆதரவு வட்டம் சிதறிப்போனது. ஆலிம்களை வாழவைத்த நவாபும் இல்லை, மானிய நிலமும் இல்லை. காஜி இல்லாமல் ஜும்ஆ எப்படி என்ற கேள்வி, ராஜா இல்லாமல் மதரஸா எப்படி என்று மாறுகிறது. 1866 மே மாதக் கடைசியில் தேவ்பந்தின் சத்தா பள்ளிவாசல் முற்றத்தில், மாதுளை மரத்தடியில், முல்லா மஹ்மூத் என்ற ஆசிரியரோடு பாடம் தொடங்கியது. முதல் மாணவர் பெயரும் மஹ்மூத்தான். பின்னாளில் ஷைகுல் ஹிந்த் என்ற பட்டத்தால் அறியப்பட்டவர்.

பாடத்தை விட நிர்வாகத்தில்தான் புதுமை. லக்னோ ஃபிரங்கி மஹலில் உஸ்தாதின் வீட்டில் உட்கார்ந்து ஒரு கிதாபை முடித்து அடுத்ததற்குப் போவார்கள். தேவ்பந்திலோ வகுப்பு, சம்பள ஆசிரியர்கள், நூலகம், ஆண்டுத் தேர்வு, பரிசு என்று எல்லாம் இருந்தது. இது எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டியதில்லை. தலைமை ஆசிரியர் யாகூப் நானோத்தவி அரசுக் கல்வித் துறையில் பள்ளி ஆய்வாளராக இருந்தவர். அவருடைய தந்தை மம்லூக் அலி, கம்பெனி நடத்திய டெல்லி கல்லூரியில் அரபி ஆசிரியர். வெள்ளையர் நடத்திய பள்ளியின் சட்டகத்தை எடுத்து அதில் ஹதீஸை வைத்தார்கள். இதைச் சொன்னால் கூட்டத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பணத்துக்கு மதரஸாவின் நிறுவனர்களில் ஒருவரான முஹம்மது காசிம் நானோத்தவி எட்டு விதிகள் எழுதினார். ஆறாவதும் ஏழாவதும்தான் உனக்கு வேண்டியவை. ஜாகீர், தொழிற்கூடம், வியாபாரம், பெரிய மனிதரின் வாக்குறுதி என்று நிலையான வருமானம் ஏதாவது வந்துவிட்டால், அல்லாஹ்விடம் திரும்பவைக்கும் அச்சமும் நம்பிக்கையும் போய்விடும், மறைவான உதவி நின்றுவிடும், வேலை செய்பவர்களுக்குள் சண்டை வரும் என்கிறது ஆறாவது. அரசும் செல்வந்தரும் பங்கெடுப்பது பெருங்கேடு என்கிறது ஏழாவது. ஏழு மட்டும் இருந்திருந்தால் வெள்ளையர் எதிர்ப்பு என்று முடித்துவிடலாம். ஆறு அதைவிட ஆழமானது. ஒரே ஒரு பணக்காரரை நம்பி நிற்கும் அமைப்பு எப்படி உடையும் என்பதை ஏற்கெனவே பார்த்தவரின் எழுத்து அது. நடைமுறையில் விதி வளையவும் செய்தது. பின்னாளில் ஹைதராபாத், போபால் சமஸ்தானங்களின் பணம் வந்தது. வெள்ளையர் அரசின் பணத்தைத்தான் தொடவில்லை.

மற்றபடி சந்தாதான் வருமானம். சிறு தொகைகள் பல ஊர்களிலிருந்து வரும். சிலர் தானியமும் புத்தகமும் கொடுப்பார்கள். ஆண்டறிக்கையை அச்சிட்டு, கொடுத்தவர் பெயரையும் தொகையையும் வெளியிடுவார்கள். அச்சகமும் அஞ்சலும் இல்லையென்றால் இந்த ஏற்பாடு நிற்காது. இரண்டும் வெள்ளையர் காலத்துச் சரக்கு.

இங்கேதான் நான் சொல்ல வந்த சிக்கல். 1880-இல் அஞ்சலகம் மணியார்டரைக் கொண்டுவந்தது. தேவ்பந்தின் புரவலரான ரஷீத் அஹ்மத் கங்கோஹியிடம் அது கூடுமா என்று கேட்டார்கள். கூடாது, அது வட்டியில் சேரும் என்றார்.

அவருடைய கணக்கைப் பின்தொடர்ந்து பார். பத்து ரூபாய் அனுப்ப இரண்டணா கட்டணம் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பணம் அஞ்சலகத்தின் கையில் பாதுகாக்கக் கொடுத்த அமானிதமா, கடனா? அமானிதம் என்றால் கொடுத்த அதே நாணயம் போய்ச் சேர வேண்டும். கவனக்குறைவு இல்லாமல் தொலைந்தால் வைத்திருந்தவர் பொறுப்பில்லை. அஞ்சலகமோ அங்கே இருக்கும் வேறு நாணயத்தைக் கொடுக்கிறது, தொலைந்தாலும் பொறுப்பேற்கிறது. ஆகவே அது கடன். கடன் என்றானதும் பத்து ரூபாய் இரண்டணா கொடுத்துப் பத்து ரூபாய் திரும்பப் பெறுவதாக ஆகிறது. இரு பக்கமும் ஒரே வகைப் பணம், அளவில் மட்டும் வித்தியாசம். ஃபிக்ஹில் அதற்குப் பெயர் ரிபா, அதாவது வட்டி. இது போதாதென்று, வழிப்பறிக்குப் பயந்து கடனாகக் கொடுத்து வேறு ஊரில் வாங்கிக்கொள்ளும் ‘சுஃப்தஜா’வையே ஹனஃபிகள் மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது என்பார்கள்.

தர்க்கத்தில் ஓட்டையில்லை, ஆனால் யாராலும் கடைப்பிடிக்க முடியவில்லை. தேவ்பந்தில் படித்த அஷ்ரஃப் அலி தானவி பின்னால் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டார். பத்து ரூபாய் கடன். இரண்டணா அந்தக் கடனின் பகுதியே அல்ல, படிவத்தை எழுதி அடுத்த ஊருக்கு அனுப்பும் வேலைக்குக் கூலி. ஒன்று கடனான கர்ள், மற்றது கூலி ஒப்பந்தமான இஜாரா. இரண்டு ஒப்பந்தம், ஆகவே ரிபா விழாது. சுஃப்தஜாவின் வெறுப்பு மிச்சமிருக்கிறது. ஊரே இதில் சிக்கியிருப்பதால் அதற்குச் சலுகை கொடுக்கலாம் என்பது அவர் வழி.

இதில் இன்னொன்றையும் கவனி. இந்தியா தாருல் ஹர்ப் என்று சொல்லி, அபூ ஹனீஃபாவின் விதியைக் காட்டி ஒரே வரியில் மணியார்டரை அனுமதித்திருக்கலாம். கங்கோஹி அந்தக் கதவைத் திறக்கவில்லை. அப்துல் அஸீஸுக்கு உதவிய வாதம் அடுத்த தலைமுறைக்கு எல்லா இடத்திலும் உதவவில்லை. ‘உலமா என்ன சொன்னார்கள்’ என்று யாராவது உன்னிடம் மொத்தமாகக் கேட்டால், எந்த ஆலிம், எந்தக் கேள்விக்கு, எந்த ஆண்டில் என்று திருப்பிக் கேள். இங்கிலீஷ் படிப்பதைக் கங்கோஹியும் தடுக்கவில்லை என்பதைச் சேர்த்துக்கொள். அது தெரியாமல் ‘ஆங்கிலம் ஹராம்’ என்று அவர் தலையில் கட்டுபவர்கள் உண்டு.

கூட்டத்தில் தேவ்பந்தில் படித்த காஸிமி, வேலூர் பாக்கியாத்தில் படித்த பாக்கவி இரண்டு தரப்பும் உட்கார்ந்திருக்கும் என்று எழுதியிருந்தாய். ஃபராயிஸி ஜும்ஆ விஷயத்தைச் சுருக்கிக்கொள், மணியார்டரை நிதானமாகச் சொல். வட்டி எங்கே விழுகிறது, எங்கே விழாமல் தப்புகிறது என்று கரும்பலகையில் இரண்டணாவைத் தனியாக எழுதிக் காட்டினால் போதும். ஆறாவது, ஏழாவது விதிகளின் உருது மூலத்தை நகலெடுத்துத் தனித் தபாலில் அனுப்புகிறேன்.

வீட்டில் எல்லாருக்கும் சலாம் சொல்.

அன்புடன்,
யூசுஃப்