ஆறு லட்சம் தடவை நகர்த்தினாலும் தீராத கட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் ஒன்பது கட்டப் புதிர் ஒன்று வந்திருந்தது. எட்டு எண் வில்லைகள், ஒரு காலி இடம். காலி இடத்தை ஒட்டியிருக்கும் வில்லையை அதற்குள் தள்ளித் தள்ளி, 1 முதல் 8 வரை வரிசையாக்க வேண்டும்; காலி இடம் வலது கீழ் மூலைக்கு வர வேண்டும். ஆறே நகர்த்தலில் முடிக்கலாம் என்றும் போட்டிருந்தீர்கள். அச்சான படம் இதுதான்:

```
4 2 3
1 □ 6
7 5 8
```

ஆறு நகர்த்தலில் இல்லை, ஆறு லட்சம் நகர்த்தலிலும் இது தீராது. நான் பொம்மைக் கடை வைத்திருக்கிறேன். இந்த வில்லைப் பலகையும் விற்கிறேன். அதனால் உங்கள் படத்தைப் பார்த்து அடுக்கிவைத்துக்கொண்டு மூன்று பிள்ளைகள் கடைக்கு வந்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண், "ரெண்டு நாளா உக்காந்திருக்கேன் மாமா, எல்லாம் சரியா வருது, கடைசியில மட்டும் 8, 7ன்னே நிக்குது" என்றாள். தனக்குத்தான் வரவில்லை என்று அவள் நினைத்திருந்தாள். அவள் செய்தது அத்தனையும் சரி. அதை அவளுக்கு விளக்கியது போலவே இங்கே எழுதுகிறேன். அடுத்த இதழில் இடம் கொடுத்தால் மற்றப் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரும்.

முதலில் காலி இடத்தையும் ஒரு வில்லையாக நினைத்துக்கொள்வோம். அதற்கு 9 என்று பெயர் வைப்போம். இப்போது ஒரு நகர்த்தல் என்றால் என்ன? 9-ம் அதன் பக்கத்து வில்லையும் இடம் மாறிக்கொள்கின்றன, அவ்வளவுதான். ஒரு நகர்த்தல், ஒரு இடமாற்றம்.

அடுத்து, பலகையைச் சதுரங்கப் பலகை போலக் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். நான்கு மூலைகளும் நடுக்கட்டமும் கறுப்பு, மற்ற நான்கும் வெள்ளை. காலி இடம் குறுக்கே போக முடியாது; மேலே, கீழே, இடது, வலது என்றுதான் போகும். ஆகவே ஒவ்வொரு நகர்த்தலிலும் அது கறுப்பிலிருந்து வெள்ளைக்கு, அல்லது வெள்ளையிலிருந்து கறுப்புக்கு மாறியே தீரும். உங்கள் படத்தில் அது நடுவில், கறுப்பில் இருக்கிறது. போய்ச் சேர வேண்டிய மூலையும் கறுப்பு. கறுப்பில் கிளம்பிக் கறுப்பில் முடிய வேண்டுமானால் நகர்த்தல்களின் எண்ணிக்கை இரட்டைப்படையாகத்தான் இருக்க முடியும். 2, 6, 40, 1000, எதுவானாலும் இரட்டைப்படை. எவ்வளவு சுற்றி வளைத்து நகர்த்தினாலும் இது மாறாது.

சரி, இப்போது விதியை மறந்துவிட்டு, வில்லைகளைக் கையால் பெயர்த்து எடுத்து அடுக்குவோம். 4-ஐயும் 1-ஐயும் மாற்றினால் மேல் வரிசை 1 2 3 ஆகிவிடும்; 4 இரண்டாம் வரிசையின் முதலில் போய் உட்காரும். அப்புறம் நடுவில் இருக்கும் 9-ஐயும் (அதாவது காலி இடத்தையும்) 5-ஐயும் மாற்றலாம். கீழ் வரிசை 7 9 8 என்று இருக்கும். 9-ஐயும் 8-ஐயும் மாற்றினால் முடிந்தது. மூன்று இடமாற்றங்கள். மூன்று ஒற்றைப்படை.

நகர்த்தி அடுக்கினால் இரட்டைப்படை இடமாற்றம் வேண்டும். கையால் அடுக்கினால் மூன்று வந்தது. இதில்தான் விஷயம் இருக்கிறது. ஆனால் அந்தப் பெண் உடனே ஒரு கேள்வி கேட்டாள்: "நீங்க மூணுல முடிச்சீங்க. வேற மாதிரி மாத்தினா நாலுல முடியாதா?" மிக நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லாமல் மேலே போனால் நிரூபணமே இல்லை.

பதிலுக்கு இன்னொன்றை எண்ண வேண்டும். பலகையை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படித்து ஒரே வரிசையாக எழுதுங்கள்: 4 2 3 1 9 6 7 5 8. இதில் பெரிய எண் முன்னாலும் சின்ன எண் பின்னாலும் இருக்கும் ஒவ்வொரு ஜோடியையும் 'தலைகீழ் ஜோடி' என்று சொல்வோம். 4-க்குப் பின்னால் 2, 3, 1 இருக்கின்றன, அது மூன்று ஜோடி. 2-க்குப் பின் 1, 3-க்குப் பின் 1, அது இரண்டு. 9-க்குப் பின்னால் இருக்கும் 6, 7, 5, 8 நான்குமே சின்னவை. 6-க்குப் பின் 5, 7-க்குப் பின் 5, இன்னும் இரண்டு. கூட்டினால் 11. சரியாக அடுக்கிய வரிசையில் தலைகீழ் ஜோடியே கிடையாது; அங்கே 0.

வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு எண்களை மாற்றினால் என்ன ஆகும்? அந்த இரண்டுக்கும் நடுவே இருந்த முன் பின் மட்டும் மாறும். மற்ற எந்த ஜோடிக்கும் ஒன்றும் ஆகாது. ஆகவே எண்ணிக்கை ஒன்று கூடும், அல்லது ஒன்று குறையும்.

தள்ளித் தள்ளி நிற்கும் இரண்டை மாற்றினால்? திருவிழாக் கூட்டத்தில் வரிசையில் நிற்பவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். நமது 4-க்கும் 1-க்கும் நடுவில் 2-ம் 3-ம் நிற்கின்றன. 4 ஒவ்வொருவராகத் தாண்டி வலப்பக்கம் போகிறது: 2-ஐ, 3-ஐ, 1-ஐ. மூன்று தாண்டல். இப்போது வரிசை 2 3 1 4. இனி 1 முன்னால் வர வேண்டும். அது 3-ஐயும் 2-ஐயும் தாண்டுகிறது. இரண்டு தாண்டல். மொத்தம் ஐந்து. நடுவில் எத்தனை பேர் நின்றாலும் போகிறவர் வருகிறவரைவிட ஒருவரைக் கூடுதலாகத் தாண்டுவார், ஏனென்றால் அவர்கள் ஒருவரையொருவர் தாண்டுவது ஒரு தடவைதான். ஆகவே தாண்டல்கள் எப்போதும் ஒற்றைப்படையே. ஒவ்வொரு தாண்டலும் தலைகீழ் எண்ணிக்கையை ஒன்றால் மாற்றுகிறது. எனவே எந்த இரண்டை இடம் மாற்றினாலும் எண்ணிக்கை ஒற்றைப்படையிலிருந்து இரட்டைப்படைக்கு, அல்லது இரட்டைப்படையிலிருந்து ஒற்றைப்படைக்குப் புரளும். புரளாமல் இருக்கவே முடியாது.

11-இலிருந்து 0-க்கு, அதாவது ஒற்றையிலிருந்து இரட்டைக்கு வர, ஒற்றைப்படைத் தடவை புரள வேண்டும். மூன்றில் முடிக்கலாம், ஐந்தில் முடிக்கலாம், ஐம்பத்தேழில் முடிக்கலாம். நாலில் ஒருபோதும் முடியாது. ஆனால் காலி இடம் இரட்டைப்படை நகர்த்தல்தான் அனுமதிக்கிறது. இரண்டும் சேராது. உங்கள் படம் தீராததற்குக் காரணம் இவ்வளவுதான்.

இந்தக் கணக்கு புதியது அல்ல. அமெரிக்காவில் கனஸ்டோட்டா என்ற ஊரின் தபால் அலுவலர் நோய்ஸ் சாப்மன் உருவாக்கியது என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கும் 4×4 பலகை, 1880-ன் தொடக்கத்தில் அங்கே பெரிய பித்தாகவே பரவியது. சாம் லாய்ட் என்ற புதிர்க்காரர் பிற்காலத்தில் அது தன்னுடையது என்று உரிமை கொண்டாடினார். அது உண்மையல்ல. 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறிய பலகையைத் தீர்ப்பவருக்கு 1000 டாலர் என்ற அவரது பரிசுதான் இன்றும் பலர் நினைவில் இருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஆபத்தே இல்லை: காலி இடம் கிளம்பிய மூலைக்கே திரும்ப இரட்டைப்படை, 14-ஐயும் 15-ஐயும் மாற்ற ஒன்று, அதாவது ஒற்றைப்படை. ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணித அறிஞர்கள் 1879-லேயே இதைக் கட்டுரைகளாக எழுதிவிட்டார்கள். ஒற்றை இரட்டை பொருந்தாத நிலை தீராது என்பது ஜான்சனுடைய பங்கு. பொருந்திய நிலை எல்லாமே தீரும் என்று காட்டியவர் ஸ்டோரி. இரண்டாவதுதான் கடினம். நம் 3×3 பலகையை 3,62,880 விதமாக அடுக்கலாம். அதில் சரிபாதி, 1,81,440 தீரும், மறுபாதி தீராது.

கடைக்கு வரும் பலகைகளில் நான் செய்வது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் நகத்தால் வில்லையைப் பெயர்த்துவிட்டுக் கண்டபடி திருப்பிப் பொருத்துவார்கள். அப்புறம் 'பொம்மை கோளாறு' என்று திரும்பி வரும். 3×3 பலகைக்குக் குறுக்குவழி உண்டு: காலி இடத்தை விட்டுவிட்டு எட்டு எண்களில் மட்டும் தலைகீழ் ஜோடிகளை எண்ணினால் போதும். இடவலமாக நகர்த்தினால் எழுதிய வரிசை மாறாது. மேலே கீழே நகர்த்தினால் ஒரு வில்லை சரியாக இரண்டு வில்லைகளைத் தாண்டும், ஒற்றை இரட்டை மாறாது. உங்கள் படத்தில் அப்படி எண்ணினால் 7, ஒற்றைப்படை, தீராது. எண்ணிக்கை ஒற்றையாக வந்தால் சின்ன திருப்புளியால் ஏதாவது இரண்டு வில்லைகளைப் பெயர்த்து மாற்றிப் பொருத்திக் கொடுத்துவிடுவேன்.

இந்தக் குறுக்குவழியை 4×4 பலகைக்கு எடுத்துப் போனால் தப்பாகிவிடும். நிறையப் பேர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அங்கே மேலே கீழே நகரும் வில்லை மூன்று வில்லைகளைத் தாண்டுகிறது, ஒவ்வொரு தடவையும் ஒற்றை இரட்டை புரளும். காலி இடம் எந்த வரியில் நிற்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அதற்குக் காலி இடத்துக்கு 16 என்று பெயர் வைத்து, நான் முதலில் சொன்ன கறுப்பு வெள்ளை வழியில் போவதே நல்லது. எந்த அளவுப் பலகைக்கும் அது பொருந்தும். படம் ஒட்டிய பலகையில் மட்டும் ஒரு விதிவிலக்கு: வானத்தின் நீலம் மட்டுமே உள்ள இரண்டு வில்லைகள் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தால், அந்தப் படம் எப்படிக் கலைந்தாலும் தீரும். அவை இரண்டும் தமக்குள் இடம் மாறிக்கொண்டால் நமக்குத் தெரியாது, ஒற்றைப்படை இரட்டைப்படை ஆகிவிடும். அந்தப் பெண்ணின் தம்பி வைத்திருந்தது அப்படிப்பட்ட படம். அவனுக்கு முடிகிறது, தனக்கு முடியவில்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

உங்கள் பக்கத்தில் என்ன நடந்திருக்கும் என்று யோசித்தேன். மேல் வரிசையில் 2-ம் 4-ம் அச்சில் இடம் மாறியிருக்க வேண்டும். அதைத் திருத்தினால் படம் இப்படி ஆகும்:

```
2 4 3
1 □ 6
7 5 8
```

இதில் 4, 2, 1, 4, 5, 8 என்ற வரிசையில் வில்லைகளைக் காலி இடத்துக்குள் தள்ளிப் பாருங்கள், நீங்கள் சொன்னபடி ஆறே நகர்த்தலில் முடியும். அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தைப் பெரிய எழுத்தில் போடும்படி கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகள் இன்னும் பழைய படத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வாசகர்,
கும்பகோணம்