இடது கால் சும்மா இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கார் ஓட்டும் பயிற்சியில் மூன்று வகுப்பு முடிந்தும் சிக்னலில் இன்ஜின் ஆஃப் ஆகிவிடுகிறது, பின்னால் ஹாரன் அடித்ததும் கால் நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். "மேனுவல் கற்றுக்கொண்டால் எதையும் ஓட்டலாம்" என்று பயிற்சியாளர் சொல்கிறாராம். அவர் சொல்வதில் தப்பில்லை. ஆனால் நீ எதையும் ஓட்டப்போவதில்லை. தினமும் காலையும் மாலையும் ஒரே நெரிசலில் ஒரே காரை ஓட்டப்போகிறாய். அதனால் கிளட்ச் மிதியே இல்லாத ஆட்டோமேட்டிக்கே கற்றுக்கொள், ஆட்டோமேட்டிக்கே வாங்கு. அதில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதையும் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் 41 வயதில் மேனுவலில்தான் கற்றேன் என்பது உனக்குத் தெரியும். ஒரு மேம்பாலத்து ஏற்றத்தில் நடந்ததை மட்டும் உன்னிடம் சொன்னதில்லை. முன்னால் வண்டிகள் நின்றுவிட்டன, நானும் நின்றேன். அவை நகர்ந்ததும் பிரேக்கிலிருந்து காலை எடுத்து ஆக்ஸிலரேட்டருக்குக் கொண்டுபோனேன். கிளட்சைச் சரியான இடத்துக்கு விடுவதற்குள் வண்டி பின்னால் உருண்டது. பதறிக் கிளட்சை மொத்தமாக விட்டேன், இன்ஜின் ஆஃப் ஆனது. அதற்குள் பின்னால் நின்ற பைக்கின் முன்விளக்கு உடைந்துவிட்டது. ஓட்டி வந்த பையன் காலை இழுத்துக்கொண்டதால் அடிபடவில்லை. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

பிறகு உட்கார்ந்து யோசித்தபோது அங்கே நேரம் எவ்வளவு குறைவு என்று புரிந்தது. 20 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் சரிவு என்று வைத்துக்கொள். பிரேக்கை விட்ட முதல் விநாடியில் கார் ஒரு சாண்தான் பின்னால் வரும். ஆனால் வேகம் கூடிக்கொண்டே போவதால் இரண்டாவது விநாடி முடியும்போது அது நாலு சாண் ஆகிவிடும். நெரிசலில் பின்னால் நிற்பவர் விடும் இடமே அவ்வளவுதான். அதாவது உனக்குக் கிடைப்பது இரண்டு விநாடி. அதற்குள் இடது கால் ஒன்று செய்ய வேண்டும், வலது கால் வேறொன்று செய்ய வேண்டும். முறையாகச் செய்பவர்கள் ஹேண்ட் பிரேக்கை இழுத்துக்கொள்வார்கள். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்து, கிளட்சை மெல்ல விடுவார்கள். இன்ஜின் சத்தம் கனமாகி, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும் அந்த இடத்தில் ஹேண்ட் பிரேக்கை விடுவார்கள். இதைத் தனி ரோட்டில் ஒரே நாளில் கற்கலாம். பின்னால் பத்து ஹாரன் அடிக்கும்போது செய்வது வேறு விஷயம்.

சமதளத்திலும் நிம்மதி இல்லை. மேனுவல் கார் முதல் கியரில், ஆக்ஸிலரேட்டர் தொடாமல், கிளட்ச் முழுதும் விட்ட நிலையில் ஏறக்குறைய 6, 7 கிலோமீட்டர் வேகத்தில் போகும். உன் ரோட்டில் வண்டிகள் நகர்வதோ 3 கிலோமீட்டரில். அப்படியானால் முதல் கியரே உனக்கு அதிக வேகம். அதைக் குறைக்க ஒரே வழி ஹாஃப் கிளட்ச், அதாவது கிளட்ச் தட்டு பாதி ஒட்டியும் பாதி வழுக்கியும் ஓடுவது. 2 கிலோமீட்டர் நெரிசலில் 20 மீட்டருக்கு ஒருமுறை நின்று கிளம்பினால் நூறு தடவை கிளட்சை மிதித்து மிதித்து விட வேண்டும். முழங்கால் வலிக்கும், தட்டும் தேயும். ஆனால் நான் சொல்ல வருவது வலியைப் பற்றியோ தேய்மானத்தைப் பற்றியோ அல்ல. அந்த நூறு தடவையும் உன் கவனத்தில் பாதி காலுக்குப் போகிறது. இடதுபக்கம் நுழையும் பைக்கையும், இரண்டு வண்டிக்கு நடுவில் ரோட்டைக் கடப்பவரையும் பார்க்க மீதிப் பாதிதான் இருக்கிறது. 20 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது கியர் எங்கே இருக்கிறது என்று ஒரு விநாடி குனிந்து பார்த்தாலே வண்டி ஐந்தரை மீட்டர் போய்விடுகிறது. கொஞ்ச வருடம் ஓட்டியவர்களுக்குக் கால் தானாகவே வேலை செய்யும். புதிதாகக் கற்பவருக்கு அது இல்லை, அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஆட்டோமேட்டிக்கில் நீ முதலில் கற்க வேண்டியது ரோட்டை. அந்த அறிவு வந்த பிறகு என்றைக்காவது மேனுவல் தேவைப்பட்டால், வெறும் மைதானத்தில் சில மாலைகள் போதும். அப்போது கற்க வேண்டியது கால் வேலை ஒன்றுதான். ஒன்றை மட்டும் விசாரித்துவிடு. சில நாடுகளில் ஆட்டோமேட்டிக் காரில் டெஸ்ட் கொடுத்தால் உரிமமும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான் செல்லும். உன் வேலைக்கு எந்தக் காரும் ஓட்ட வேண்டிவரும் என்றால் மட்டும் அது உனக்கு முக்கியம்.

இப்போது அந்த ஆபத்துக்கு வருகிறேன்.

மேனுவலில் நிற்கும்போதெல்லாம் இடது கால் கிளட்சை அழுத்திக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் வலது கால் தவறி ஆக்ஸிலரேட்டரில் விழுந்தாலும் இன்ஜின் உறுமுமே தவிர வண்டி பாயாது. ஆட்டோமேட்டிக்கில் அந்தத் தடுப்பு கிடையாது. கியர் டிரைவில், அதாவது முன்னால் போகும் நிலையில், இருக்கும்போது கால் மாறி விழுந்தால் வண்டி அப்படியே பாயும். அதைவிட மோசம், ஓட்டுபவர் பிரேக்கைத்தான் மிதிக்கிறோம் என்று நம்பிக்கொண்டிருப்பார். வண்டி நிற்காததால் இன்னும் அழுத்துவார். பெரும்பாலும் இது வேகமாகப் போகும்போது நடப்பதில்லை. பார்க்கிங்கில், ரிவர்ஸ் எடுக்கும்போது நடக்கிறது. உடம்பைத் திருப்பிப் பின்னால் பார்ப்போம் இல்லையா, இடுப்போடு சேர்ந்து காலும் ஒரு பக்கம் நகர்ந்துவிடும். அது நமக்குத் தெரியவே தெரியாது.

அதனால் முதல் நாளிலிருந்தே குதிகால் பழக்கத்தைக் கொண்டுவா. வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேர் கீழே தரையில் ஊன்று. ஆக்ஸிலரேட்டர் வேண்டும்போது குதிகாலைத் தூக்காமல் பாதத்தை மட்டும் வலப்பக்கம் சாய்த்துத் தொடு. வேலை முடிந்ததும் பாதம் தானாகப் பிரேக்கின் மேல் திரும்பி வரவேண்டும். இடது கால் ஓரத்தில் இருக்கும் கால்தாங்கியில் சும்மா இருக்கட்டும். அதை வைத்துப் பிரேக் பிடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. மூன்று வகுப்பில் உன் இடது கால் கிளட்சை அடிவரை மிதிக்கப் பழகியிருக்கிறது. அதே மிதியைப் பிரேக்கில் மிதித்தால் பின்னால் வருபவர் உன் மேல் வந்து மோதுவார். வண்டி எப்போதாவது நீ நினைக்காமல் பாய்ந்தால் இன்னும் அழுத்தாதே. காலை முழுதாகத் தூக்கிவிட்டு, மறுபடி புதிதாகப் பிரேக்கைத் தேடி மிதி.

ஆட்டோமேட்டிக்கில் பிரேக்கை விட்டாலே வண்டி தானாக ஊரும். நெரிசலில் அதுதான் உனக்கு வரம். முதல் இரண்டு நாள் மைதானத்தில் ஆக்ஸிலரேட்டரைத் தொடவே வேண்டாம். தரையில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, ஊர்ந்து வந்து, ஜன்னலுக்கு நேராகக் கோடு வரும்போது குலுங்காமல் நிறுத்து. ரிவர்ஸிலும் அப்படியே. பிரேக்கை எவ்வளவு விட்டால் எவ்வளவு ஊரும் என்று பாதத்துக்குத் தெரிந்துவிட்டால் உன் காலை நேரத்து ஓட்டத்தில் பெரும்பகுதி அதுவாகத்தான் இருக்கும். டிரைவிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது மட்டும் வண்டி முழுதாக நின்றிருக்க வேண்டும். சிக்னலில் நிற்கும்போது டிரைவிலேயே விட்டுக் காலைப் பிரேக்கில் வை. கொஞ்சம் நீண்ட நிறுத்தம் என்றால் நியூட்ரலும் ஹேண்ட் பிரேக்கும். டிரைவில் நிற்கும்போது போனை எடுத்தால் பிரேக்கில் இருக்கும் கால் தளரும், வண்டி முன்னால் ஊர்ந்து இடித்துவிடும்.

வாங்கும்போது ஒரு விஷயம். எல்லா ஆட்டோமேட்டிக்கும் ஒன்றல்ல. விலை குறைவாக வரும் ஏஎம்டி என்பது உள்ளே மேனுவல்தான். அதே கிளட்ச், அதே கியர், உன் இடது காலுக்குப் பதிலாக ஒரு மோட்டார் மிதிக்கிறது, அவ்வளவே. கியர் மாறும்போது தலை லேசாக ஆடும். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் கொடுத்தே நிறுத்திவைக்கலாம் என்று நினைத்தால் அந்தக் கிளட்ச் வெந்துபோகும். கருகிய வாடை வந்தால் அதுதான். அங்குலம் அங்குலமாக நகர்த்துவதும் அதற்கு ஆகாது. முன்னால் ஒரு வண்டி நீளம் இடம் விழட்டும் என்று பொறுத்து ஒரே நகர்வாகப் போவது நல்லது. கிளட்சுக்குப் பதிலாக எண்ணெய் வழியே இன்ஜின் விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்டர் வகையும், படிப்படியான கியருக்குப் பதிலாகப் பெல்ட்டால் சீராக மாறும் சிவிடியும் இந்த ஊர்தலை அலட்டாமல் செய்யும். கைக்குக் கட்டுப்படியானால் அவற்றில் ஒன்றை எடு. மின்சாரக் கார் என்றால் இந்தக் கேள்வியே இல்லை, அதில் பெரும்பாலும் ஒரே கியர்தான்.

எதை எடுத்தாலும் ஹில் ஹோல்ட் இருக்கிறதா என்று பார். ஏற்றத்தில் பிரேக்கை விட்ட பிறகும் ஓரிரு விநாடி வண்டியைப் பிடித்துவைக்கும். நான் முன்னால் கணக்குப் போட்டுச் சொன்ன அந்த இரண்டு விநாடியை அது உனக்குத் திருப்பித் தருகிறது. அந்த நாளில் எனக்கு அது இருந்திருந்தால் அந்தப் பையனின் விளக்கு உடைந்திருக்காது.

அடுத்த வாரம் காரை ஓட்டிப் பார்க்கப் போகிறாய் அல்லவா? கடைக்காரர் காட்டும் அகன்ற ரோட்டில் மட்டும் சுற்றிவிட்டு வந்துவிடாதே. ஆளில்லாத ஒரு ஏற்றத்துக்குக் கூட்டிப்போகச் சொல். பின்னால் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வண்டியை நிறுத்து. டிரைவில் வைத்து, பிரேக்கை விட்டு, வேறெதையும் தொடாமல் மனதுக்குள் மூன்று எண்ணு. நின்றதா, முன்னால் ஊர்ந்ததா, பின்னால் எத்தனை சாண் வந்தது என்று பார்த்து எனக்கு எழுது. அதைப் படித்துவிட்டு எந்தக் கார் என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

அன்புடன்,
அம்மா