பிரேசில் நட்ஸை எடை போட்டு விற்காதீர்கள், எண்ணிக் கொடுங்கள்

புதுச்சேரி நேரு வீதியிலும் கடலூர் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர் கடைத்தெருக்களிலும் டிரை ஃப்ரூட்ஸ் கடை வைத்திருக்கும் வணிகர்களுக்கு,

வணக்கம். பண்ருட்டி முந்திரியை உலகத்துக்கே அனுப்பும் மாவட்டம் நம்முடையது. கொட்டைப் பருப்பின் தரத்தைக் கையில் எடுத்ததுமே சொல்லிவிடக் கூடியவர்கள் நீங்கள். அந்த அனுபவம் கைகொடுக்காத ஒரு சரக்கு சில ஆண்டுகளாக உங்கள் கண்ணாடி ஜாடிகளில் இடம்பிடித்திருக்கிறது. பாதாமை விடப் பெரிதாக, மூன்று பட்டையாக, பழுப்புத் தோல் ஒட்டிக்கொண்டிருக்கும் பிரேசில் நட்ஸைத்தான் சொல்கிறேன். உணவியல் ஆலோசகராக வேலை பார்க்கும் நான், இதை நீங்கள் விற்கும் முறையை மாற்றிக்கொள்ளும்படி கேட்டு இந்த மடலை எழுதுகிறேன்.

பாதாம், முந்திரி, பிஸ்தா எதையும் ஒரு கைப்பிடி கூடுதலாகத் தின்றால் வயிறு கனக்கும், எடை கூடும். அதைத் தாண்டிப் பெரிய கேடு இல்லை. பிரேசில் நட்ஸ் அப்படியல்ல. அதில் செலினியம் என்ற தாதுச்சத்து மிக அதிகம். நூறு கிராம் முந்திரியில் ஏறத்தாழ 20 மைக்ரோகிராம் செலினியம் இருக்கிறது; நூறு கிராம் பிரேசில் நட்ஸில் சராசரியாக 1,900 மைக்ரோகிராம். நூறு கிராமுக்கு இருபது பருப்பு என்று வைத்தால், ஒரே ஒரு பருப்பில் 95 மைக்ரோகிராம் வருகிறது. நம் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐ.சி.எம்.ஆர். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று சொல்லும் அளவு 40 மைக்ரோகிராம். அதாவது ஒரு பருப்பிலேயே இரண்டு நாள் தேவைக்கு மேல் இருக்கிறது.

அதிகமானால் என்ன ஆகும் என்பதை ஒரு பெண்ணின் கதையைக் கொண்டு சொல்கிறேன். முப்பதுகளில் இருக்கும் பள்ளி ஆசிரியை. தைராய்டு குறைவாகச் சுரப்பதால் தினமும் மாத்திரை போடுகிறார். தைராய்டு தொந்தரவில் முடி கொட்டுவது வழக்கம்தான். ஒரு கடையில் "தைராய்டுக்கு ரொம்ப நல்லதும்மா, முடி கொட்டுறது நிக்கும்" என்று சொல்லிக் கால் கிலோ பாக்கெட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அவரும் காலையில் ஒரு கை அள்ளி, அதாவது ஆறு பருப்பு, சாப்பிட ஆரம்பித்தார். ஆறு பருப்பில் 570 மைக்ரோகிராம். வீட்டில் மீன் குழம்பும் முட்டையும் உண்டு. அவற்றிலும் செலினியம் இருக்கிறது. எல்லாம் சேர்ந்து நாளுக்கு 600 மைக்ரோகிராமைத் தாண்டிவிட்டது. கால் கிலோ பாக்கெட் எட்டே நாளில் தீர்ந்தது. அவர் திரும்பத் திரும்ப வாங்கினார்.

முதலில் வாயில் ஒரு இரும்புச் சுவை தெரிந்தது. பிறகு பூண்டு வாடை. பூண்டு சேர்க்காத நாளிலும் மூச்சில் அந்த வாடை இருப்பதாக வீட்டில் இருப்பவர்கள் சொன்னார்கள். பல் மருத்துவரிடம் போனார், பல்லில் கோளாறில்லை. உடம்பு தேவைக்கு மிஞ்சிய செலினியத்தை வாயுவாக மாற்றி நுரையீரல் வழியே வெளியேற்றும்போது வரும் வாடை அது. அடுத்து நகத்தில் குறுக்காக வெள்ளைக் கோடு விழுந்தது, நுனி பொடிப்பொடியாக உடைந்தது. வயிற்றுக் குமட்டல், காரணமில்லாத அசதி, எரிச்சல். கடைசியில் முடி, முன்பைவிட அதிகமாக, கொத்துக் கொத்தாக.

இங்கேதான் பெரிய ஆபத்து இருக்கிறது. முடி கொட்டுவதை நிறுத்தச் சாப்பிட்ட பருப்பே முடியைக் கொட்ட வைக்கிறது. ஆனால் சாப்பிடுகிறவருக்கு அது தைராய்டின் வேலையாகத்தான் தெரியும். அந்த ஆசிரியையும் அப்படித்தான் நினைத்து, ஆறை எட்டாக்கினார். டி.எஸ்.எச். பரிசோதனையில் தைராய்டு சரியான அளவில் இருந்தது. அப்போதும் காரணம் பிடிபடவில்லை. என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டபோதுதான் பருப்பு வெளியே வந்தது. ரத்தத்தில் செலினியம் பார்த்தபோது இயல்பை விட மிக உயர்ந்திருந்தது.

இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது. சாப்பிடுவதை நிறுத்துவதுதான் வைத்தியம். நிறுத்தினாலும் உடனே தீராது. மரம் மண்ணிலிருந்து எடுக்கும் செலினியத்தை, கந்தகம் இருக்க வேண்டிய இடத்தில் வைத்து ஒரு அமினோ அமிலத்தைச் செய்துகொள்கிறது. அதன் பெயர் செலினோமெத்தியோனின். நம் உடம்புக்கு அதையும் சாதாரண மெத்தியோனினையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இரண்டையும் ஒன்றாக நினைத்துத் தசைப் புரதத்தில் சேர்த்துக்கொள்கிறது. அப்படிச் சேர்ந்தது பாதியாகக் குறையவே எட்டு மாதம் போல ஆகும். முடியும் நகமும் கெரட்டின் என்ற புரதம். அதை இறுக்கிப் பிடித்திருப்பது கந்தகப் பிணைப்புகள். செலினியம் மிஞ்சும்போது அந்தப் பிணைப்புகள் குலைவதால்தான் அடி முதலில் அங்கே விழுகிறது என்று கருதுகிறார்கள். அந்தப் பெண்ணுக்கு வெள்ளைக் கோடு நகத்தோடு வளர்ந்து வெளியேற அரை ஆண்டு ஆயிற்று. முடி திரும்ப வருகிறது, மெதுவாக. அதிக அளவு நீண்டநாள் தொடர்ந்தால் கைகால் மரத்துப்போகும் அளவுக்கு நரம்பும் பாதிக்கப்படும்.

"பிரேசில்காரன் தின்கிறானே, நமக்கென்ன" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நம் நாட்டிலேயே பஞ்சாபின் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் பகுதிகளில் சில ஊர்களின் மண்ணில் செலினியம் மிகுதி. அந்த மண்ணில் விளைந்த தீவனத்தைத் தின்ற மாடுகளுக்குக் குளம்பும் கொம்பும் கெட்டன. அங்கே விளைந்த கோதுமையைச் சாப்பிட்ட மனிதர்களுக்கு முடியும் நகமும் போயின. செலினியம் எங்கிருந்து வந்தாலும் உடம்புக்கு ஒன்றுதான்.

எவ்வளவு வரை தாங்கும் என்பதிலும் கருத்து மாறிக்கொண்டு வருகிறது. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டு வகுத்த உச்சவரம்பு நாளுக்கு 400 மைக்ரோகிராம். ஐரோப்பாவில் 300 ஆக இருந்த வரம்பை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் 255 ஆகக் குறைத்தது. காரணம், புராஸ்டேட் புற்றுநோயைத் தடுக்குமா என்று பார்க்க 35 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த பெரிய ஆய்வு. அதில் ஒரு பகுதியினருக்கு நாளுக்கு 200 மைக்ரோகிராம் செலினியம் மாத்திரையாகக் கொடுத்தார்கள். புற்றுநோய் குறையவில்லை; முடி கொட்டுவது கூடியது. உணவில் கிடைத்ததோடு சேர்த்துக் கணக்கிட்டுத்தான் 255-க்கு வந்தார்கள். மூன்று பருப்பு சாப்பிட்டாலே அந்த எல்லையைத் தாண்டிவிடுவோம்.

இதிலும் சராசரியை முழுதாக நம்ப முடியாது என்பது இன்னொரு சங்கடம். இந்த மரம் அமேசான் காட்டில் தானாக வளர்வது. எந்தப் பகுதி மண் என்பதைப் பொறுத்து ஒரு பருப்பில் பத்து மைக்ரோகிராமும் இருக்கலாம், முந்நூறும் இருக்கலாம். இன்று கடைக்கு வரும் மூட்டைக்கும் அடுத்த மாதம் வரும் மூட்டைக்கும் சம்பந்தமே இருக்காது. பார்த்தோ, கடித்தோ, மோந்தோ கண்டுபிடிக்க வழியில்லை. பாக்கெட்டின் பின்புறச் சத்து அட்டவணையில் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு, சோடியம் போடுகிறார்கள்; செலினியம் கட்டாயம் இல்லை என்பதால் பெரும்பாலும் அது இருப்பதில்லை. உங்களிடம் சில்லறையாக எடை போட்டு வாங்குபவருக்கு அந்த அட்டவணையும் கிடையாது.

தைராய்டுக்கு செலினியம் வேண்டும் என்பது பொய்யில்லை. தைராய்டு ஹார்மோனை உடம்பு பயன்படுத்தும் வடிவத்துக்கு மாற்றும் நொதிகள் செலினியம் இல்லாமல் வேலை செய்யாது. ஆனால் குறைவாக இருப்பவருக்குத்தான் கூடுதல் உதவும். நம் கடற்கரை ஊர்களில் மத்தி, சூரை, கானாங்கெளுத்தி வாரத்தில் சில நாள் சமைக்கும் வீட்டில், முட்டையும் சப்பாத்தியும் சாப்பிடும் வீட்டில் பெரிய குறை இருக்க வாய்ப்பு குறைவு. சுத்த சைவம் சாப்பிடுபவருக்கு வேண்டுமானால் இந்தப் பருப்பு உதவும், அதுவும் ஒன்று போதும். நியூசிலாந்தில் மண்ணிலேயே செலினியம் குறைவு. அங்கே ஒட்டாகோ பல்கலைக்கழகத்தார் 2008-இல் வெளியிட்ட ஆய்வில் தினம் இரண்டு பருப்பே ரத்தத்தில் அளவை நன்றாக உயர்த்தியது. குறை உள்ள நாட்டுக்கே இரண்டு போதுமென்றால் நமக்குக் கைப்பிடி எதற்கு?

என்னை இவை எல்லாவற்றையும் விட அதிகம் கவலைப்பட வைப்பது குழந்தைகளின் சத்துமாவு. சில கடைகளில் பாதாம், முந்திரி, பிஸ்தாவோடு பிரேசில் நட்ஸையும் போட்டு அரைத்து நட்ஸ் பவுடர் என்று தருகிறீர்கள். ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைக்கு அமெரிக்க உச்சவரம்பு நாளுக்கு 90 மைக்ரோகிராம்தான். ஒரு சராசரிப் பருப்பிலேயே அது தாண்டிவிடுகிறது. முழுப் பருப்பாக இருந்தால் அம்மா எண்ணியாவது பார்ப்பார்; பொடியில் எண்ண முடியாது. குழந்தைக்கு வாயில் இரும்புச் சுவை தெரிகிறது என்று சொல்லவும் தெரியாது. தயவுசெய்து குழந்தைகளுக்கான எந்தப் பொடியிலும் இதைச் சேர்க்காதீர்கள். இந்த ஒன்றை நாளைக்கே நிறுத்த முடியும்.

மற்றவை கொஞ்சம் ஏற்பாடு தேவைப்படும் வேலைகள். கால் கிலோ, அரைக் கிலோ பாக்கெட்டை விட்டுவிட்டு முப்பது பருப்பு கொண்ட சிறு பாக்கெட்டாகக் கொடுங்கள். ஒருவர் நாளுக்கு ஒன்று வீதம் சாப்பிட்டால் அது ஒரு மாதத்துக்கு வரும். பாக்கெட்டின் மேல் தமிழில், கண்ணுக்குத் தெரியும் எழுத்தில், "பெரியவர்களுக்கு மட்டும். நாளுக்கு ஒன்றுக்கு மேல் வேண்டாம். செலினியம் மாத்திரை எடுப்பவர்கள் தவிர்க்கவும்" என்று ஒட்டுங்கள். மல்டிவைட்டமின் மாத்திரைகள் பலவற்றிலும் செலினியம் இருக்கிறது. மருத்துவர் எழுதிக் கொடுத்ததோடு இதுவும் சேர்ந்தால் கணக்கு தப்பிவிடும். தீபாவளிப் பரிசுப் பெட்டியில் இதைக் கலக்காதீர்கள். எல்லோரும் பெட்டியைத் திறந்து வைத்துப் பேசிக்கொண்டே எடுத்துத் தின்பார்கள். "தைராய்டு மிக்ஸ்" என்று பெயர் எழுதி விற்பதை விட்டுவிடுங்கள். ஒரு உணவுப் பொருள் நோயைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை இந்திய உணவுப் பாதுகாப்புத் தர ஆணையத்தின் 2018 விதிமுறைகள் அனுமதிப்பதில்லை.

கால் கிலோவுக்குப் பதில் முப்பது பருப்பு விற்றால் வருமானம் குறையும் என்பது எனக்குத் தெரியும். விலை உயர்ந்த சரக்கு இது. அப்படியும் கேட்கிறேன், ஏனென்றால் இந்தப் பருப்பை வாங்க வருபவர்களில் பெரும்பாலானோர் ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் வருபவர்கள், நீங்கள் சொல்வதை நம்பி எடுத்துப் போகிறவர்கள்.

ஏற்கெனவே வாங்கிப் போன வாடிக்கையாளர் யாராவது வந்து, முடி இன்னும் கொட்டுகிறது, நகம் உடைகிறது, வாயில் பூண்டு வாடை அடிக்கிறது என்று சொன்னால், இன்னொரு பாக்கெட்டை எடுத்து நீட்டாதீர்கள். தினம் எத்தனை பருப்பு என்று கேளுங்கள். அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள். மீதிப் பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், "இதை இத்தனை நாளாக இத்தனை வீதம் சாப்பிட்டேன், ரத்தத்தில் செலினியம் பார்க்க வேண்டுமா?" என்று கேட்கச் சொல்லி அனுப்புங்கள். தைராய்டு மாத்திரையை மட்டும் அவர்களாக நிறுத்த வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கடலூரிலிருந்து ஓர் உணவியல் ஆலோசகர்