210 முறை செத்த வேலை: நம் தொழில்நுட்பக் குழுவினருக்கு

வணக்கம். மதுரையிலிருந்து, விடியற்காலை டெஸ்க் பார்ப்பவன் எழுதுகிறேன்.

போன வாரம் ஒருநாள் மாட்டுத்தாவணி மல்லிகை விலையைக் காலை 5.05-க்கு வெளியீட்டு வரிசையில் போட்டேன். தளத்தில் வந்தது 7.25-க்கு. பூவைப் பறித்து வைத்துக்கொண்டு விலைக்குக் காத்திருக்கும் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயிக்கு அந்த நேரத்தில் அது எதற்கும் உதவாது.

"வரிசையில் 12 வேலைதான் இருந்தது, அதனால் அலாரம் அடிக்கவில்லை" என்றீர்கள். தவறு அங்கேதான் தொடங்குகிறது. சாயங்காலம் 200 வேலை சேர்ந்தாலும் மளமளவென்று ஓடிவிடும். விடியற்காலையில் 12 வேலை இரண்டு மணி நேரம் அசையாமல் கிடக்கும். பார்க்க வேண்டியது எத்தனை நிற்கிறது என்பதை அல்ல, முதலில் வந்தது எவ்வளவு நேரமாக நிற்கிறது என்பதை. அது 5 நிமிடத்தைத் தாண்டினால் அலாரம் அடிக்கட்டும். அதை அளக்கும் நிரலும் வொர்க்கருக்கு வெளியே ஓட வேண்டும். வொர்க்கர் செத்தால் அளப்பவனும் சேர்ந்து சாகக் கூடாது.

அப்புறம் லாக் பார்த்தேன். ஒரே வேலை, 40 நொடிக்கு ஒருமுறை, `Killed`. நிருபர் போனில் எடுத்த 12000 × 9000 அளவுப் படம் அது. கோப்பாக இருக்கும்போது சிறியதுதான். பிரித்தால் 10.8 கோடிப் புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக 432 எம்பி. வொர்க்கருக்குக் கொடுத்திருந்ததோ மொத்தமே 512 எம்பி. நினைவகம் போதாமல் இயங்குதளம் அதைக் கொன்றது. முடியாத வேலை மறுபடி வரிசையின் தலைக்கே வந்தது. 140 நிமிடத்தில் 210 முறை. ஒருவர் கையால் எடுத்துப் போட்ட பிறகுதான் பின்னால் நின்றவை நகர்ந்தன.

"5 முறை தோற்றால் விலக்கு" என்ற விதி நம்மிடம் ஏற்கெனவே இருந்ததே, ஏன் வேலை செய்யவில்லை? தோல்வியைப் பிடிக்கும் பகுதியில்தான் எண்ணிக்கை கூடுகிறது. கொல்லப்பட்ட வொர்க்கர் அந்த வரிக்கு வந்து சேருவதே இல்லை. அதனால் 210-வது முறையும் கணக்கில் பூஜ்யம். வேலையை எடுத்த உடனே, தொடங்கும் முன்பே எண்ண வேண்டும்:

```python
job.attempts += 1
save(job)
if job.attempts > 5:
    move_to_hold(job)
else:
    run(job)
```

இதில் ஒரு குறை உண்டு. சர்வரை ரீஸ்டார்ட் செய்யும்போது ஓடிக்கொண்டிருக்கும் நல்ல வேலைக்கும் ஒரு எண் கூடிவிடும். 2 போதாது, 5 வேண்டும் என்று நான் கேட்பது அதற்காகத்தான். முயற்சிகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள். அந்த நேரம் வேலை ஓரமாக நிற்கட்டும், தலையில் உட்கார வேண்டாம்.

இப்படி விலக்கப்பட்டுத் தனிப் பட்டியலுக்குப் போகும் வேலையோடு கடைசிப் பிழையும் முதலில் அனுப்பிய நேரமும் போகட்டும். அங்கே ஒன்று விழுந்தாலே டெஸ்க்குக்குத் தகவல் வரவேண்டும், இல்லையென்றால் அது யாரும் திறக்காத பெட்டியாகிவிடும். மறுபடி வரிசையில் போடும் பொத்தானை எங்களிடமே கொடுங்கள். நேற்றைய பூ விலையை இன்றைய விலையாக வெளியிட்டுவிடக் கூடாது என்பது டெஸ்க்கில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

படங்களுக்குத் தனி வரிசை பிறகு வரட்டும். எண்ணிக்கையைக் கூட்டிச் சேமிக்கும் இரண்டு வரிகளையும், 5-ஐத் தாண்டியதா என்று பார்ப்பதையும் `run`-க்கு முன்னால் நகர்த்துவதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

அன்புடன்,
விடியற்காலை டெஸ்க், மதுரை