பெயரை எடுத்துவிட்டால் ஆள் தெரியாதா?

அனுப்புநர்: கட்டணச் சந்தாதாரர், கிருஷ்ணகிரி
பெறுநர்: குறைதீர்ப்பு அலுவலர், உடல்நலக் கண்காணிப்புச் செயலி நிறுவனம்
பொருள்: திட்ட அறிக்கையில் உள்ள தனியுரிமை, வாடிக்கையாளர் நம்பிக்கைப் பகுதி குறித்த புகார்

ஐயா / அம்மையீர்,

புதிய பதிப்புக்கான திட்ட அறிக்கையைச் சந்தாதாரர்களுக்கு அனுப்பிக் கருத்துக் கேட்டிருந்தீர்கள். பெயரை நீக்கிவிட்டுத்தான் காப்பீட்டு நிறுவனங்களுக்குத் தரவு தரப்படும், யாரையும் அடையாளம் காண முடியாது என்கிறது தனியுரிமைப் பகுதி. ஆனால் அதன் கீழே இருக்கும் மாதிரி அட்டவணை அப்படிச் சொல்லவில்லை. என் அம்மாவின் சர்க்கரை அளவை இந்தச் செயலியில்தான் தினமும் பதிகிறோம் என்பதால் அதை வரி வரியாகப் பார்த்தேன். ஓசூரில் டேட்டாபேஸ் வேலை பார்க்கிறவன் நான், பழக்க தோஷம்.

அட்டவணையில் பெயர் இல்லை, சரி. பிறந்த தேதி, பாலினம், பின்கோடு மூன்றும் அப்படியே இருக்கின்றன. ஒரு பின்கோடில் 30,000 பேர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெண்கள் சுமார் 15,000. எண்பது ஆண்டுகளில் பிறந்த தேதிகளோ 29,000க்கு மேல். அதாவது ஒரு தேதிக்குச் சராசரியாக ஒரு பெண்கூட இல்லை. அம்மாவின் பிறந்த தேதியும் முகவரியும் காப்பீட்டு நிறுவனத்திடம் ஏற்கெனவே இருக்கும். இரண்டு பட்டியலையும் பொருத்திப் பார்த்தால் பெயர் தானாக வந்துவிடும். பிறந்த ஆண்டையும் மாவட்டத்தையும் மட்டும் கொடுத்தால் இந்தப் பொருத்தம் இவ்வளவு எளிதாக நடக்காது. அப்போதும் ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்து, ஓரிருவர் மட்டுமே இருக்கும் வரிகளை நீக்கித்தான் அனுப்ப வேண்டும்.

அடுத்தது மொபைல் எண். எண்ணை நீண்ட குறியீடாக்கும் SHA-256 முறையில் மாற்றிவிட்டதால் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்திய மொபைல் எண் பத்து இலக்கம்; 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். மொத்தம் 400 கோடி வாய்ப்புகள். எல்லாவற்றையும் அதே முறையில் மாற்றி ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாதாரண லேப்டாப்புக்குச் சில மணி நேரம் போதும். இதைத் தடுக்க, மாற்றும்போது ரகசியச் சாவி எதுவும் சேர்த்ததாக அறிக்கையில் இல்லை. மொபைல் எண்ணுக்குப் பதில் அதோடு தொடர்பில்லாத ஓர் எண்ணைக் கொடுத்திருக்கலாமே. காப்பீட்டு நிறுவனத்துக்கு மொபைல் எண் எதற்கு என்பது வேறு கேள்வி.

2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஆளை அடையாளம் காண வழிசெய்யும் எந்தத் தரவையும் தனிப்பட்ட தரவாகத்தான் கணக்கில் எடுக்கிறது. பெயர் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதோ, திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 6ஆவது பிரிவு. உங்கள் செயலியில் ஒரே தட்டலில் ஒப்புதல் போய்விடுகிறது. வேண்டாம் என்றால் மட்டும் மின்னஞ்சல் அனுப்பி, அடையாள அட்டை நகலும் இணைக்க வேண்டுமாம்!

அந்த அட்டவணையைத் திருத்தும்வரை அம்மாவின் தரவு வெளியே போகக் கூடாது. இதுவரை யாருக்காவது கொடுத்திருந்தால், எந்த நிறுவனத்துக்கு, எந்தெந்த விவரங்கள் என்று எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் சந்தாவை ரத்து செய்து, மீதிப் பணத்தைத் திருப்பிக் கேட்பேன்.

இப்படிக்கு,
சந்தாதாரர், கிருஷ்ணகிரி