கூடலூர்க் கடைக்கு எழுதவேண்டிய வாழ்த்து

கோத்தகிரி

அன்பு மல்லிகா,

உன் கடிதம் வந்தது. மளிகைக்கடை நிலைபெற்றுவிட்டது என்று படித்ததும் மனது நிறைந்தது. இங்கே எல்லாரும் சுகம். மூத்தவளுக்குக் குன்னூரிலேயே வேலை கிடைத்துவிட்டது. என் ஜவுளிக்கடையும் வழக்கம்போல் ஓடுகிறது.

நோன்புப் பெருநாளுக்கு நீ எழுதி அனுப்பிய வாசகத்தைப் பலமுறை படித்தேன். "அனைத்து மத நல்லுள்ளங்களுக்கும் பண்டிகை நல்வாழ்த்துகள், 10% தள்ளுபடி." யார் மனமும் நோகக்கூடாது என்றுதான் அப்படி எழுதியிருக்கிறாய், தெரிகிறது. ஆனால் ஒரு மாதம் நோன்பிருந்தவள் கடைவாசலில் அதைப் படித்தால், தன் பெருநாளின் பெயரே அதில் இல்லை. மற்றவர்களுக்கோ எந்தப் பண்டிகை என்றே புரியாது. வாழ்த்தும் தள்ளுபடியும் ஒரே வரியில் நின்றால் கண் தள்ளுபடிக்குத்தான் போகும். தள்ளுபடியைத் தனி அட்டையில் எழுதி உள்ளே மாட்டு.

"எங்கள் இஸ்லாமிய சகோதர சகோதரிகளுக்கு" என்று மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறாய். வேண்டாம். அது அரசியல் சுவரொட்டியின் நடை. வரிசையில் நிற்பவர்களை நாமே இரண்டாகப் பிரித்தது போலிருக்கும். நாம் நம்பாத பிரார்த்தனையையும் எழுதாதே. உன் வாயால் நீ சொல்லக்கூடிய வாழ்த்தே போதும். நான் இப்படி எழுதுவேன்:

"நோன்புப் பெருநாள் நல்வாழ்த்துகள்! நோன்பை நிறைவு செய்து பெருநாள் காணும் வாடிக்கையாளர்களுக்கும் குடும்பத்தாருக்கும் எங்கள் அன்பு. பெருநாளன்று கடை காலை 11 மணிக்குத் திறக்கும். – மல்லிகாவும் கடைப் பணியாளர்களும்."

'முப்பது நாள் நோன்பு' என்று எழுதிவிடாதே. பிறை தெரிந்தால் 29 நாளிலேயே மாதம் முடிந்துவிடும். தேதியும் போடாதே. தமிழ்நாட்டில் தலைமை காஜி அறிவித்த பிறகுதான் நாள் உறுதியாகும். உனக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024-இல் கேரளத்தில் ஏப்ரல் 10 பெருநாள், தமிழ்நாட்டில் ஏப்ரல் 11. கூடலூரில் இரண்டு பக்கத்து ஆட்களும் உன் கடைக்கு வருவார்கள். அதனால் பலகையில் கடை நேர வரிக்கு மட்டும் இடம் விட்டுவைத்து, பிறை அறிவிப்புக்குப் பிறகு அதைச் சாக்பீஸால் எழுதிவிடு. வாழ்த்தை முதல் நாள் மாலையே மாட்டி இரண்டு நாள் அப்படியே விட்டுவை.

கடை நேரத்தை ஏன் சேர்க்கச் சொல்கிறேன் தெரியுமா? பண்டிகை கொண்டாடுபவர்களுக்கு வாழ்த்து, மற்றவர்களுக்குத் தேவையான செய்தி, இரண்டும் ஒரே பலகையில் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பிலும் இதே வரிகளை எல்லாருக்கும் அனுப்பலாம். பெயரைப் பார்த்து மதவாரியாகப் பட்டியல் பிரிக்காதே. செல்வி, ராஜன், மேரி என்றால் யார் எவர் என்று எப்படித் தெரியும்? அப்படியொரு பட்டியல் நம் கையில் இருப்பதே சரியில்லை. ஒளிபரப்புப் பட்டியலில் அனுப்பினால், உன் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போகும். அதனால் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி கல்லாவில் ஒரு சீட்டு ஒட்டிவை.

புனித வெள்ளிக்கு வாழ்த்தே கிடையாது. அது இயேசு சிலுவையில் இறந்த நாள். "இனிய" என்று தொடங்கினால் அவர்களுக்குச் சுருக்கென்றிருக்கும். "புனித வெள்ளியை முன்னிட்டு மதியம் 12 முதல் 3 வரை கடை இயங்காது" என்ற ஒரு வரி போதும். அது ஆராதனை நேரம். வாழ்த்தை ஞாயிறன்று ஈஸ்டருக்கு எழுது. முஹர்ரமும் சிலருக்குத் துக்க நாள், அதற்கும் "இனிய" வேண்டாம்.

இங்கே படகர்களின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை உடுத்திக்கொண்டு பேரகணிக்குப் போவார்கள். அதற்கு முன்பே வெள்ளைத் துணி கேட்டு வருவதால் அந்த வாரம் எனக்கு நல்ல வியாபாரம். ஆனாலும் வாழ்த்துப் பலகையில் துணியைப் பற்றி எழுதமாட்டேன். அம்மன் படமும் போடமாட்டேன். பையிலோ துண்டுச்சீட்டிலோ சாமி படம் அச்சிட்டால் மறுநாள் அது தெருவில் மிதிபடும். குர்ஆன் வசனத்துக்கும் சிலுவைக்கும் இதே கதிதான். பூக்கோலமோ வெறும் எழுத்தோ போதும்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இரு. தீபாவளிக்கு ஆளுயர ஃபிளெக்ஸ் வைத்துவிட்டு, பெருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வெள்ளைத்தாளில் எழுதி ஒட்டினால், எவ்வளவு நல்ல வாசகமும் எடுபடாது. எல்லாவற்றுக்கும் ஒரே பலகை, ஒரே அளவு எழுத்து, ஒரே இடம் என்று வைத்துக்கொள்.

ஓணத்துக்கு மலையாளத்தில் எழுத நினைத்தால், நம் எழுத்துக்கூட்டலை நம்பாமல் உன் மலையாளி வாடிக்கையாளர் ஒருவரிடம் காட்டித் திருத்தி வாங்கு. எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு படம் அனுப்பு. பள்ளி விடுமுறையில் பிள்ளைகளோடு இங்கே வா.

உன்,
வசந்தி