நிராகரித்தது யார் என்று எழுதுங்கள்

அரசு அலுவலகக் கடிதங்களைத் தமிழாக்கும் மொழிபெயர்ப்புப் பிரிவினருக்கு,

வணக்கம். எங்கள் தெருவில் ஓர் அம்மா முதியோர் உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தார். போன வாரம் பதில் வந்தது: “தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்பட்டு, விசாரணை மேற்கொள்ளப்பட்டு, உரிய ஆவணங்கள் சமர்ப்பிக்கப்படாததால் நிராகரிக்கப்பட்டுள்ளது.” பின்பக்கம் ஆங்கில மூலமும் இருந்தது. அடி பிறழாமல் தமிழாக்கியிருக்கிறீர்கள். வினை நான்கு, செய்த ஆள் ஒருவர்கூட இல்லை.

கடிதத்தோடு அவர் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார். “அறிக்கை அனுப்பியாச்சும்மா, என் கையில எதுவும் இல்லை.” வருவாய் ஆய்வாளர், தான் விசாரித்ததோடு சரி என்றார். தாலுகா அலுவலகத்தில், “என்ன ஆவணம் தரலை?” என்று அவரையே கேட்டார்கள். அவரோ கேட்ட நகலெல்லாம் கொடுத்தவர். ‘சமர்ப்பிக்கப்படாததால்’ என்றால் அவர் தரவில்லையா, வாங்கிய எழுத்தர் கோப்பில் சேர்க்கவில்லையா? முதலாவது என்றால் இன்னொரு நகல் எடுத்துக் கொடுத்துவிடலாம். இரண்டாவது என்றால் புகார் எழுத வேண்டும். உங்கள் வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

ஆங்கிலத்தில் விண்ணப்பத்தை முன்னால் நிறுத்த வேண்டுமானால் வினையைச் செயப்பாட்டு வினையாக்குவதுதான் வழக்கமான வழி. நமக்கு அது தேவையில்லை, ‘ஐ’ உருபு இருக்கிறது. “உங்கள் விண்ணப்பத்தைத் தனி வட்டாட்சியர் நிராகரித்தார்.” விண்ணப்பம்தான் முதலில் நிற்கிறது, ஆளும் தெரிகிறார். “தனி வட்டாட்சியரால் நிராகரிக்கப்பட்டது” என்றாலும் ஒப்புக்கொள்வேன். நடைதான் முரடு, ஆளை ஒளிக்கவில்லை. “நிராகரித்திருக்கிறார்கள்” என்று மட்டும் எழுதி, செய்வினைக்கு மாறிவிட்டதாகச் சொல்லாதீர்கள். அந்த ‘ஆர்கள்’ யார் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

மூலத்திலேயே ஆள் இல்லையே என்பீர்கள். சரி, நீங்களாக ஊகித்து எழுத வேண்டாம். வரைவு அனுப்பிய பிரிவைக் கேளுங்கள். முடிவெடுத்தவர் கையெழுத்து கோப்பில் இருக்கும். உண்மையிலேயே ஆள் தெரியாத இடத்தில் ‘கண்டெடுக்கப்பட்டது’ என்று எழுதுவதில் எனக்குச் சண்டையில்லை.

தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, மனுவை மறுத்தால் காரணத்தையும், எத்தனை நாளுக்குள் யாரிடம் மேல்முறையீடு செய்யலாம் என்பதையும் தெரிவிக்கச் சொல்கிறது, பிரிவு 7(8). மற்றக் கடிதங்களில் மறுத்தவரே தெரியாவிட்டால் மேல்முறையீட்டை எங்கிருந்து தொடங்குவது? வரி நோட்டீஸில் மட்டும் இந்தக் குழப்பம் வருவதே இல்லை. “நீங்கள் செலுத்த வேண்டும்.” என்ன அழகான செய்வினை!

கோபத்தில் நீட்டிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான்: நிராகரித்தது யார் என்று எழுதுங்கள். உங்கள் மாதிரிப் படிவத்தில் அந்த வரியை, “உங்கள் விண்ணப்பத்தை ………… (பதவி) நிராகரித்தார். நீங்கள் தராத ஆவணம்: …………” என்று தயவுசெய்து மாற்றுங்கள். அந்த இடங்களை நிரப்பாமல் வரும் வரைவை, வந்த பிரிவுக்கே திருப்பி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கடிதங்களைத் தெருவில் பலருக்கும் படித்துச் சொல்பவன்